ரன்வே எத்தனை மாதம்? பேங்க் இருப்பிலிருந்து கடைசிச் சம்பளத் தேதி வரை

ஸ்டார்ட்அப் நடத்தும் யாரைக் கேட்டாலும் ரன்வே கணக்கை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். கையில் இருக்கும் பணத்தை மாத பர்னால், அதாவது மாதாமாதம் கரையும் பணத்தால், வகுத்தால் வருவதுதான் மீதமுள்ள மாதங்கள். சூத்திரத்தில் தவறில்லை. ஆனால் மேலே எந்தப் பணத்தைப் போடுவது, கீழே எந்தச் செலவைப் போடுவது என்பதில்தான் விடை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு மாறிப்போகிறது. ஒரே நிறுவனத்துக்கு 21 மாதம் என்றும் 8 மாதம் என்றும் கணக்குக் காட்ட முடியும். அது எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். நிறுவனத்தில் புதிதாகக் கணக்கைக் கையில் எடுத்திருப்பவர்களுக்கும், முதல் தடவையாக நிறுவனர்கள் முன் இந்த எண்ணை வைக்கப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நம் எடுத்துக்காட்டு நிறுவனம் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்கிறது. சிறிய தொழிற்சாலைகளில் இயந்திரங்களை எப்போது சர்வீஸ் செய்ய வேண்டும் என்று நினைவூட்டும் மென்பொருளை விற்கிறார்கள். இரண்டு நிறுவனர்கள், நான்கு ஊழியர்கள். கணக்குப் போடும் நாள் 2025 ஜூன் 30. பேங்கில் மொத்தம் 420,000 வெள்ளி.

நிறுவனர் போட்ட கணக்கு இது: மாதச் செலவு 48,000 வெள்ளி. கடைசி மூன்று மாத வரவு ஏப்ரலில் 14,000, மே மாதம் 12,000, ஜூனில் 58,000, சராசரி 28,000. அப்படியானால் மாதம் 20,000 வெள்ளிதான் கரைகிறது. 420,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் 21 மாதம். "நாலு லட்சத்துக்கு மேல இருக்குக்கா, ரெண்டு வருஷம் ஓட்டிடலாம்" என்று அவர் நம்பிக்கையோடு சொன்னால் அதில் வியப்பில்லை.

முதல் வேலை: பேங்கில் இருப்பதில் எது நம் பணம்?

லாப நட்டக் கணக்கை ஓரமாக வையுங்கள். ரன்வேக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் ஆதாரம். எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மெண்ட்டையும் ஒரே தேதிக்கு எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தொகையும் நாளைக்கே சம்பளம் போட உதவுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இவர்களுடைய 420,000-இல் 48,000 வெள்ளி நிரந்தர வைப்பில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தத்துக்குப் பேங்க் உத்தரவாதம் வாங்கியபோது, அந்த வைப்பைப் பேங்கில் ஈடாக வைத்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடியும்வரை அதைத் தொட முடியாது. எனவே அது கணக்கில் வராது.

அடுத்தது பலரும் கவனிக்காத தொகை. மாதக் கடைசியில் ஊழியர் கையில் போவது பிடித்தம் போக உள்ள சம்பளம் மட்டுமே. ஈபிஎஃப், சொக்சோ, வேலைக் காப்புறுதி, மாதாந்திர வரிப்பிடித்தம் எல்லாம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள்தான் கட்டப்படுகின்றன. ஆக ஜூன் 30 அன்று பேங்கில் தெரியும் பணத்தில், ஜூலை 15-இல் போகவேண்டிய பங்கும் கலந்திருக்கிறது.

அது எவ்வளவு? ஆறு பேருடைய மொத்தச் சம்பளம் 31,000 வெள்ளி. நிறுவனர்களுக்குத் தலா 5,000, இரண்டு இன்ஜினியர்களுக்குத் தலா 6,500, விற்பனையாளருக்கு 4,500, வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு 3,500. முதலாளி கட்டும் ஈபிஎஃப், 5,000 வெள்ளிவரை சம்பளம் உள்ளவர்களுக்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12 விழுக்காடு. இங்கே அது 3,900 வெள்ளி. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து முதலாளி பங்கு ஏறத்தாழ 600. ஊழியர்களிடம் பிடித்த 11 விழுக்காடு ஈபிஎஃபும் மற்றப் பிடித்தங்களும் இன்னொரு 4,500. எல்லாம் சேர்த்து 15-ஆம் தேதி 9,000 வெள்ளி போயாக வேண்டும். இதில் பாதி ஊழியர்களின் பணம், நம்முடையதே அல்ல. ஈபிஎஃப் கட்டாமல் விட்டால் நிறுவனத்தோடு சேர்த்து இயக்குநர்களும் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். கையில் காசு குறையும்போது முதலில் தள்ளிப்போடத் தோன்றுவது இந்தத் தொகைதான். அதனால்தான் தொடக்கத்திலேயே இதைப் பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

420,000-இல் 48,000-ஐயும் 9,000-ஐயும் கழித்தால் 363,000 வெள்ளி. இதுதான் உண்மையில் செலவழிக்கக்கூடிய பணம்.

மாத பர்னைச் சுத்தமாக எடுப்பது

பர்ன் இரண்டு வகை. மாதத்தில் வெளியே போகும் மொத்தப் பணம் மொத்த பர்ன். அதிலிருந்து வாடிக்கையாளர்கள் கட்டிய பணத்தைக் கழித்தால் நிகர பர்ன். ரன்வே கணக்குக்கு நிகர பர்ன் வேண்டும். என்றாலும் இரண்டையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் வரவு நின்றுபோனால் நிறுவனத்தைத் தின்னப்போவது மொத்த பர்ன்தான்.

கடைசி மூன்று மாத ஸ்டேட்மெண்ட்டில் ஒவ்வொரு வரியாகப் போங்கள். நம்முடைய ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிய பணம், நிறுவனர் கடனாகப் போட்டது, முதலீட்டாளர் அனுப்பியது எல்லாவற்றையும் இரண்டு பக்கத்திலிருந்தும் நீக்குங்கள். மீதியைச் செலவு, வரவு என்று பிரியுங்கள்.

செலவுப் பக்கம்: சம்பளமும் முதலாளி பங்கும் 35,500. அலுவலக வாடகை, கிளவுட் சர்வர், மென்பொருள் சந்தாக்கள், கணக்காளரும் கம்பெனிச் செயலாளரும், பெட்ரோல், டோல், விளம்பரம் எல்லாம் சேர்ந்து 12,500. மொத்தம் 48,000. கிளவுட் செலவை மட்டும் விலைப்பட்டியலைப் பார்த்துப் போடாதீர்கள். அது டாலரில் இருக்கும். பல வெளிநாட்டு நிறுவனங்கள் அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரியும் போடுகின்றன, கார்டு கட்டணமும் சேரும். ஸ்டேட்மெண்டில் வெள்ளியாகக் கழிந்த எண்தான் சரி.

வரவுப் பக்கத்தில்தான் அந்த 21 மாதம் உடைகிறது. ஜூனில் வந்த 58,000-ஐத் திறந்து பார்த்தால், அதில் 42,000 வெள்ளி ஒரே வாடிக்கையாளர் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியது. பணம் நம்முடையதுதான், அது ஏற்கெனவே 363,000-க்குள் இருக்கிறது. ஆனால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ அது திரும்ப வராது. அடுத்த ஜூன்வரை அவர் ஒரு காசு கட்டத் தேவையில்லை. அதைச் சராசரிக்குள் போட்டால், மாதாமாதம் 14,000 வெள்ளி எங்கிருந்தோ கொட்டப்போகிறது என்று கணக்குச் சொல்லும். அதை எடுத்துவிட்டால் மூன்று மாத வரவு 14,000, 12,000, 16,000. சராசரி 14,000. நிகர பர்ன் 34,000 வெள்ளி.

363,000-ஐ 34,000-ஆல் வகுத்தால் பத்தரை மாதத்துக்குச் சற்று மேல். 21 மாதம் பாதியாகிவிட்டது. இன்னும் வேலை முடியவில்லை.

வகுத்தால் போதாது, மாதம் மாதமாக ஓட்ட வேண்டும்

வகுத்தல் எல்லா மாதமும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் எந்த நிறுவனமும் அப்படி ஓடுவதில்லை. ஒரு விரிதாளைத் திறந்து, ஒரு மாதத்துக்கு ஒரு வரியாக இந்த நிரல்களைப் போடுங்கள்: மாதம், தொடக்க இருப்பு, வரவு, வழக்கமான செலவு, ஒருமுறைச் செலவு, முடிவிருப்பு. A முதல் F வரை. சூத்திரம் இரண்டே இரண்டு.

```
F2: =B2+C2-D2-E2
B3: =F2
```

இதைக் கீழே இழுத்துக்கொண்டே போனால் போதும். இனி நிரப்ப வேண்டியதுதான் உண்மையான வேலை.

வரவு நிரலில் கையெழுத்தான வாடிக்கையாளர்களை மட்டும் போடுங்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும் ஒப்பந்தங்களுக்குச் சுழியம். பணம் வரும் மாதத்தை இன்வாய்ஸில் எழுதியிருக்கும் கெடுவைப் பார்த்துப் போடாமல், அந்த வாடிக்கையாளர் கடந்த முறைகளில் எப்போது கட்டினார் என்பதைப் பார்த்துப் போடுங்கள். 30 நாள் கெடு என்று இன்வாய்ஸ் சொல்லும். ஸ்டேட்மெண்டில் தேடினால் கடைசி மூன்று தடவையும் 52, 61, 58 நாளில் வந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதம் என்றே போட வேண்டும். அரசாங்க மானியமும் அப்படித்தான். கிரேடில் போன்ற அமைப்புகள் தரும் பணம் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு இலக்கும் முடிந்த பிறகு வருவது. ஒப்புதல் கடிதம் வராதவரை அதற்கு எண் கிடையாது. வந்த பிறகும் மொத்தத் தொகையை ஒரே மாதத்தில் போடக்கூடாது.

ஒருமுறைச் செலவு நிரலுக்கு மூன்று மாத ஸ்டேட்மெண்ட் போதாது. பன்னிரண்டு மாதமும் வேண்டும். தணிக்கைக் கட்டணம், வரி முகவர், காப்புறுதி, டொமைன் புதுப்பிப்பு, தீபாவளி போனஸ் எல்லாம் ஆண்டுக்கு ஒரு தடவை தலைகாட்டுபவை.

நம் நிறுவனத்துக்கு வரப்போகும் மாற்றங்கள் நான்கு. செப்டம்பரில் புது இன்ஜினியர் ஒருவரைச் சேர்க்க வேலைக் கடிதம் கொடுத்தாயிற்று. சம்பளம் 5,500, முதலாளி பங்கோடு 6,300; மடிக்கணினிக்கு ஒருமுறை 4,700. தீபாவளி அக்டோபர் 20. நிறுவனர்கள் தவிர்த்து இப்போதுள்ள ஊழியர்கள் நால்வருக்கும் அரை மாத போனஸ் 10,500. போனஸுக்கும் ஈபிஎஃப் உண்டு என்பதால் இன்னொரு 1,300 சேர்ந்து 11,800. டிசம்பரில் தணிக்கை, வரி, காப்புறுதி எல்லாம் சேர்ந்து 12,000. நான்காவது, 2026 பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு. இவர்களுடைய வாடிக்கையாளர்கள் பலர் சிறு தொழிற்சாலைக்காரர்கள். அந்த வாரங்களில் கணக்குப் பிரிவில் ஆள் இருக்காது, காசோலையில் கையெழுத்துப் போட முதலாளியும் இருக்கமாட்டார். போன ஆண்டின் ஸ்டேட்மெண்ட்டே இதைக் காட்டுகிறது. அதனால் பிப்ரவரியில் வரவைப் பாதியாக்கி, மீதியை மார்ச்சுக்குத் தள்ளுகிறோம்.

கீழே எண்கள் ஆயிரம் வெள்ளியில்.

| மாதம் | தொடக்கம் | வரவு | வழக்கமான செலவு | ஒருமுறை | முடிவு |
|---|---|---|---|---|---|
| ஜூலை | 363.0 | 14 | 48.0 | – | 329.0 |
| ஆகஸ்ட் | 329.0 | 14 | 48.0 | – | 295.0 |
| செப்டம்பர் | 295.0 | 14 | 54.3 | 4.7 | 250.0 |
| அக்டோபர் | 250.0 | 14 | 54.3 | 11.8 | 197.9 |
| நவம்பர் | 197.9 | 14 | 54.3 | – | 157.6 |
| டிசம்பர் | 157.6 | 14 | 54.3 | 12.0 | 105.3 |
| ஜனவரி | 105.3 | 14 | 54.3 | – | 65.0 |
| பிப்ரவரி | 65.0 | 7 | 54.3 | – | 17.7 |
| மார்ச் | 17.7 | 21 | 54.3 | – | −15.6 |

முழுச் சம்பளம் போகும் கடைசி மாதம் பிப்ரவரி. அதாவது எட்டு மாதம்.

மார்ச் வரியை இன்னும் கிட்டத்தில் பாருங்கள். தொடக்கத்தில் 17,700, வரவு 21,000. வாடகை, சர்வர், மற்றவை 12,500 போனால் கையில் 26,200. மார்ச் 31 அன்று ஏழு பேருக்கும் கையில் கொடுக்கவேண்டியது ஏறத்தாழ 31,200. ஐயாயிரம் வெள்ளி குறைகிறது. அப்புறம் ஏப்ரல் 15-க்கான 10,500-க்கும் வழியில்லை. இதில் பயமுறுத்தும் விஷயம், பிப்ரவரி 28 அன்று பேங்க் செயலியைத் திறந்தால் ஏறத்தாழ 76,000 வெள்ளி தெரியும் என்பது. ஈடு வைத்த 48,000-உம், மார்ச் 15-க்குப் போகவேண்டிய 10,500-உம் அதற்குள் இருக்கின்றன. செயலியில் தெரியும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நிறுவனருக்கு, ஒரு மாதத்தில் சம்பளம் நிற்கப்போகிறது என்பது தெரியவே தெரியாது.

சுழியம் வரை ஓட்டக்கூடாது

பணம் அறவே தீரும் நாள்வரை நிறுவனத்தை ஓட்டினால், மூடுவதற்குக்கூடப் பணம் இருக்காது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு கெடு சொல்லாதபோது, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வார முன்னறிவிப்பு தரவேண்டும். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆறு வாரம். அதற்கு மேல் எட்டு வாரம். அறிவிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலத்துக்கான சம்பளம். மாதம் 4,000 வெள்ளிவரை சம்பளம் வாங்கி, ஓராண்டாவது வேலை செய்திருப்பவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடும் சேரும்.

இங்கே எல்லோரும் புதியவர்கள், ஓராண்டுகூட ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிறுவனர்கள் தவிர்த்து ஐந்து பேருடைய ஒரு மாதச் சம்பளமும் ஈபிஎஃபும் ஏறத்தாழ 30,000. அலுவலகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் கணக்கை முடிக்கவும் 10,000. மொத்தம் 40,000 வெள்ளியை ஒதுக்குக் கோடாக வைக்கிறோம். முடிவிருப்பு இந்தக் கோட்டுக்குக் கீழே போகும் முதல் மாதம் பிப்ரவரி. ஆகவே நேர்மையாகச் சொன்னால் கையில் இருப்பது ஜனவரி கடைசிவரை, ஏழு மாதம்.

முதலீடு திரட்ட முதல் சந்திப்பிலிருந்து பணம் கைக்கு வரும்வரை ஆறு மாதம் என்று எடுத்துக்கொண்டால், ஜனவரி கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஜூலை கடைசி வருகிறது. 21 மாதம் இருக்கிறது என்று நினைத்தவர், அடுத்த மாதமே முதலீட்டாளர்களைப் பார்க்கத் தொடங்கியாக வேண்டும்.

நிறுவனர்கள் முன் வைப்பது

ஒரு பக்கம் போதும். முதல் வரியில் தேதியைச் சொல்லுங்கள்: "இன்றைய திட்டப்படி போனால் முழுச் சம்பளம் போடும் கடைசி மாதம் பிப்ரவரி 2026. ஒதுக்குத் தொகையைத் தொடாமல் என்றால் ஜனவரி 2026." மாத எண்ணிக்கையைத் தனியாகச் சொன்னால் எங்கிருந்து எண்ணியது என்பது அடுத்த கூட்டத்துக்குள் மறந்துவிடும். தேதி நகராது.

அடுத்து, மொத்த பர்ன், நிகர பர்ன், மேலே உள்ள அட்டவணை. கையிருப்பிலிருந்து எதை ஏன் கழித்தோம் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

அதற்கு அடுத்து, அவர்கள் கையில் உள்ள முடிவுகள் ஒவ்வொன்றும் தேதியை எவ்வளவு நகர்த்தும் என்று காட்டுங்கள். அட்டவணையை ஒரு நகல் எடுத்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேலைக் கடிதம் கொடுத்தவரோடு பேசி அவர் சேருவதை முதலீடு வரும்வரை தள்ளிவைத்தால், மார்ச் கடைசிக்குள் 48,800 வெள்ளி மிச்சம். மார்ச் முடிவிருப்பு 33,200 ஆகிறது, ஏப்ரல் சம்பளமும் போகும், மே 15 கட்டணத்துக்கு 800 வெள்ளி குறையும். ஒதுக்குக் கோட்டைத் தொடும் மாதமும் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குப் போகிறது. ஒரு மாதம்தான் கூடுகிறது. அதற்காகக் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போடுவதா, அவர் வந்தால் விற்பனை கூடுமா என்பது நிறுவனர்கள் முடிவு செய்ய வேண்டியது. விலை என்ன என்று சொல்வது நம் வேலை.

வாடிக்கையாளர்களை ஆண்டுச் சந்தாவுக்கு மாற்றலாமே என்று யாராவது கேட்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அட்டவணையில் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். மாதம் 2,000 கட்டுபவர் தள்ளுபடியோடு 20,000-ஐ ஆகஸ்டில் மொத்தமாகக் கட்டினால், ஆகஸ்ட் வரவில் 20,000 கூட்டி, அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் 2,000 குறைக்க வேண்டும். மார்ச்சுக்குள் அவர் எப்படியும் 16,000 கட்டியிருப்பார். ஆக அந்தத் தேதிக்கு உண்மையான ஆதாயம் 4,000 வெள்ளி மட்டுமே. பழைய பாக்கியை விரட்டி வசூலிப்பதும் இப்படித்தான். ஒரு தடவை உதவும், பர்னைக் குறைக்காது. அதனால் அதை வரவில் போடுங்கள், சராசரியில் சேர்க்காதீர்கள்.

மாதாமாதம் சரிபார்ப்பது

ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மெண்ட் வந்ததும் G நிரலில் உண்மையான முடிவிருப்பைப் போடுங்கள். அதற்கு முன், ஜூன் 30-இல் செய்தது போல ஈட்டையும் 15-ஆம் தேதிக் கட்டணத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நிஜம் எப்போதும் கணிப்பைவிட நன்றாகவே தெரியும். ஜூலை கணிப்பு 329,000, நிஜம் 321,000 என்றால், அந்த 8,000 எங்கே போனது என்று ஒரே வரியில் காரணம் எழுதுங்கள். ஒரு வாடிக்கையாளர் தாமதித்தது என்றால் அந்தத் தொகையை ஆகஸ்ட் வரவுக்கு நகர்த்துங்கள். விளம்பரத்துக்கு அதிகம் போனது என்றால், அது இனி எல்லா மாதமும் அப்படியா என்று கேட்டு, ஆமென்றால் D நிரலை மேலிருந்து கீழ்வரை திருத்துங்கள். கணிப்பு தொடர்ந்து மூன்று மாதம் ஒரே பக்கமாகத் தவறினால் எண்களில் ஏதோ ஒரு செலவு விடுபட்டிருக்கிறது என்று பொருள். அப்போது பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்ட்டை மறுபடி எடுத்து, வரி வரியாகப் பாருங்கள். பெரும்பாலும் நிறுவனருடைய சொந்தக் கார்டில் கழிந்து, பிறகு மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கப்படும் செலவுகளில்தான் அது கிடைக்கும்.